நாலு வரிக்கு ஏன் இந்த நடுக்கம்?

குன்னூர் ஓட்டுப்பட்டறைப் பக்கம், சாலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் படிக்கட்டு ஒன்றை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே! படிக்கட்டின் தலைப்பில் வீட்டுக்காரர். இருபது படி கீழே, அதே கட்டடத்தின் பின்கட்டில், மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒரு குடும்பம். பந்தலூர்ப் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகை மேலே ஏறிவிடும். ரசீது மட்டும் ஒருநாளும் கீழே இறங்கியதில்லை.

ஒரு நாள் காலை, மூடுபனி கலையும் முன்பே, அந்தத் தொழிலாளி படியேறி வருகிறார். கையில் மடித்த ஒரு வெள்ளைத் தாள்.

“ஐயா, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கணும். நாங்க இந்த வீட்டில்தான் குடியிருக்கோம்னு நாலு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா போதும்.”

“எழுத்தா? வாடகை கொடுக்கிறே, இருக்கிறே. அதுக்கு மேலே எழுத்து எதுக்கப்பா? பார்க்கலாம், போ.”

என்ன கேட்டுவிட்டார் அந்த மனிதர்? வாடகையைக் குறைக்கச் சொன்னாரா? முன்பணத்தைத் திருப்பிக் கேட்டாரா? ஒழுகும் கூரையை மாற்றித் தரச் சொன்னாரா? இல்லை. இருப்பதை இருக்கிறதென்று எழுதித் தரச் சொன்னார். அதற்குக் கிடைத்த பதில் ‘பார்க்கலாம்’. பள்ளி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு. இந்தப் பார்க்கலாமுக்குக் கடைசித் தேதி கிடையாது.

அந்தத் தாள் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் நலிவடைந்த பிரிவினருக்கும் ஒதுக்க வேண்டும். அந்தக் குழந்தைகளுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குச் செலுத்தும். நலிவடைந்த பிரிவென்றால், நம் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த குடும்பம். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: குழந்தையின் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

நம் தொழிலாளி இடறி விழுவது இந்த இடத்தில்தான். அவர் வீடு இருப்பது குன்னூரில். அவருடைய குடும்ப அட்டையும் ஆதாரும் இன்னும் பந்தலூரைச் சொல்கின்றன. உடம்பு இங்கே, முகவரி அங்கே! பள்ளிக்கூட மணியோசை அவர் வீட்டுக்குக் கேட்கிறது. காகிதத்திலோ அவர் மலைக்கு அந்தப்புறம் வாழ்கிறார். இந்த இரண்டையும் இணைக்கும் பாலத்தைப் போடக்கூடியவர், இருபது படிக்கு மேலே இருக்கும் அந்த வீட்டுக்காரர்.

வீட்டுக்காரரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் சொல்லப் போவதில்லை. அவருக்கு அச்சம் இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று. அவற்றை எடுத்துவைத்துப் பேசினால்தான் பேனா நகரும்.

முதல் அச்சம், ‘எழுதிக் கொடுத்தால் வீட்டைப் பிடித்துக்கொள்வான்’ என்பது. ஊர் ஊராகப் பரவியிருக்கும் அச்சம் இது. தலைகீழான அச்சமும் இதுதான். வாடகைக்காரர் என்ற உறவு கடிதத்தால் பிறப்பதில்லை. வீட்டை விட்டதாலும் வாடகையை வாங்கியதாலும் அது பிறந்துவிட்டது. கடிதம் அதற்குச் சாட்சி சொல்கிறது, அவ்வளவே. அந்தச் சாட்சியும் யாருக்குச் சாதகம் என்று பாருங்கள். பிறர் நிலத்தை 12 ஆண்டு தன்னுடையதாகவே பாவித்து எதிரிடையாக அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் வழி. ஆனால் வாடகைக்காரரின் இருப்பு எதிரிடை இருப்பல்ல. உரிமையாளர் அனுமதித்த இருப்பு. வாடகைக்கு வந்தவர், வீட்டை விட்டவருக்கு அப்போது உரிமையே இல்லை என்று குடியிருந்துகொண்டே வாதாடவும் முடியாது. சாட்சியச் சட்டம் அந்த வாயை அடைத்திருக்கிறது. ஆகவே, ‘இவர் என் வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கிறார்’ என்ற வரி உரிமையாளரின் கழுத்துக்குக் கயிறல்ல, கைக்குக் கேடயம். அஞ்ச வேண்டுமென்றால், ரசீதுமில்லாமல் எழுத்துமில்லாமல் ஒருவரைப் பல ஆண்டு குடிவைத்திருப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

இரண்டாவது அச்சம் நீலகிரிக்கே உரியது. சமவெளியில் ஒருவர் வீட்டைப் பிரித்து நாலு குடித்தனம் வைத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மலையில் அப்படியல்ல. சரிவில் கட்டுவதற்குத் தனி விதிகள். 1993-ஆம் ஆண்டின் மலைவாசஸ்தலக் கட்டட விதிகள் ஒருபுறம், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் மறுபுறம். இந்தக் கெடுபிடி வீண் அல்ல. மண்சரிவைக் கண்ட மக்கள் அதை அறிவார்கள். ஆனால் அதன் நிழலில் என்ன நடக்கிறது? ஒரே கதவு எண். ஒரே வரி ரசீது. உள்ளே நாலு அடுப்பு. பின்கட்டு எந்த வரைபடத்திலும் இல்லை. இல்லாத அறையில் ஒருவர் இருக்கிறார் என்று எப்படி எழுதுவது? வீட்டுக்காரரின் கை நடுங்குவது இதனால்தான்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இது. அந்தக் கடிதம் கட்டட அனுமதிக்கான விண்ணப்பமல்ல. இன்ன கதவு எண்ணில் இன்ன குழந்தை வசிக்கிறது என்பதே அதில் இருக்கப்போகும் செய்தி. எத்தனை அறை, எப்போது கட்டியது, யார் அனுமதித்தது என்ற எதுவும் அதில் வேண்டியதில்லை. வரி ரசீதில் உள்ள கதவு எண்ணை அப்படியே எழுதினால் போதும். கட்டடத்தில் குறையிருந்தால் அந்தக் கணக்கை நகராட்சியோடு அவர் தீர்த்துக்கொள்ளட்டும். அந்தக் குறைக்கான தண்டத்தைப் பாப்பாவின் படிப்பில் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது அச்சம், ‘ஒன்றை எழுதினால் சட்டம் வந்து நிற்கும்’ என்பது. ஐயா, சட்டம் வந்து நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன! பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்திலான ஒப்பந்தம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்பதே அதன் முதல் கட்டளை. அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து பதிவு எண்ணும் பெறவேண்டும். எழுதித் தர மறுப்பவர் சட்டத்திலிருந்து தப்பவில்லை. சட்டம் கேட்டதைத்தான் இன்னும் செய்யாமல் இருக்கிறார். ஆகவே, நாலு வரிக் கடிதத்துக்குப் பதிலாக முறையான வாடகை ஒப்பந்தமே போட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது. கடிதத்தைவிட அதற்கு மதிப்பும் அதிகம்.

ஒப்பந்தம் போடக் காலமில்லை, கடைசித் தேதி நெருங்குகிறது என்றால் கடிதம்தான் வழி. அதை எப்படி எழுதுவது? பலர் ‘சம்பந்தப்பட்டவர்களுக்கு, இவர் எனக்குத் தெரிந்தவர், நல்லவர்’ என்று நற்சான்று எழுதுகிறார்கள். நல்லவரா என்று பள்ளிக்கூடம் கேட்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று கேட்கிறது. எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

‘குன்னூர் நகராட்சி, ஓட்டுப்பட்டறை, இன்ன வார்டு, கதவு எண் இன்னதில் உள்ள கட்டடம் எனக்குச் சொந்தமானது. இதன் பின்கட்டில் இன்னார், அவர் மனைவி இன்னார், மகள் இன்னார் ஆகிய மூவரும் இன்ன தேதியிலிருந்து மாத வாடகைக்குக் குடியிருந்து வருகிறார்கள். மகளின் பள்ளிச் சேர்க்கைக்காக, தந்தை கேட்டுக்கொண்டதன்பேரில் இக்கடிதம் தரப்படுகிறது.’

கீழே தேதி, கையெழுத்து, பெயர், தொலைபேசி எண். கூடவே, அதே கதவு எண் உள்ள வீட்டுவரி ரசீதின் நகல். தீர்ந்தது வேலை!

கெட்டுப்போவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் கடிதத்தில் செல்லப் பெயராகவும் இருந்தால் கடிதம் திரும்பிவிடும். பழைய கதவு எண் கடிதத்திலும் புதிய எண் ரசீதிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு வீடாகிவிடும். இரண்டு எண்ணையும் எழுதவேண்டும். வரி ரசீது இன்னும் காலமான தகப்பனார் பெயரில் இருந்தால், ‘இன்னாரின் மகனும் வாரிசுமான நான்’ என்று ஒரு சொல் சேர்க்கவேண்டும். உரிமையாளர் கோவையில் இருக்க, சாவி வைத்திருப்பவரோ தரகரோ கையெழுத்திட்டால் அது யாரோ எழுதியதாகிவிடும். உரிமையாளரே எழுதித் தபாலில் அனுப்பட்டும். தேதியில்லாத கடிதம், எந்த நாளைக் குறித்தும் எதையும் சொல்லாத கடிதம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும், கடிதம் தனித்து நின்று எல்லாக் கதவையும் திறந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அது ஒரு ஊன்றுகோல். அதை ஊன்றிக்கொண்டு, இ-சேவை மையத்தின் வழியே இருப்பிடச் சான்றுக்கு மனுச் செய்யவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும்போது, கடிதமும் வீட்டுவரி ரசீதும் அக்கம்பக்கத்தாரின் சொல்லும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டும். வருவாய்த் துறை தரும் அந்தச் சான்றே பள்ளியில் நின்று பேசும். இதற்கு நாள் பிடிக்கும். விண்ணப்பம் திறந்த பிறகு வீட்டுக்காரரின் படியேறுகிறவர் தாமதமாக ஏறுகிறார். தைப் பொங்கலுக்கே ஏறிவிடவேண்டும்.

படியேறும் முன் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். உதகையிலும் குன்னூரிலும் பெயர்பெற்ற பள்ளிகள் பல கான்வென்ட்டுகள், மிஷன் பள்ளிகள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 6-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பெரிய ஆயம் பார்க்கவேண்டும் என 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தனர். ஆனால் கருத்து வேறு, மாற்றம் வேறு. கதவை ஒட்டிய கான்வென்ட்டில் 25 விழுக்காட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டறியாமல், கடிதத்துக்காக வீட்டுக்காரரோடு மனக்கசப்பை வளர்த்துக்கொள்வது வீண்.

இனி நகரத்தை விட்டுத் தோட்டத்துக்குப் போவோம். அங்கே வீட்டுக்காரர் யார்? கம்பெனி! வேலை கொடுப்பவரும் அவரே, வீடு கொடுப்பவரும் அவரே. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதியது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் அந்தக் கடமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேலையோடு சேர்த்துத் தரப்படும் வீட்டுக்கு நகரத்து வாடகைச் சட்டம் பொருந்தாது. ஆகவே அங்கே ஒப்பந்தம் கேட்கவும் வழியில்லை. தோட்ட அலுவலகம் தரும் கடிதம்தான் சான்று. இன்ன எஸ்டேட், இன்ன டிவிஷன், இன்ன லைன், இன்ன வீட்டு எண், இன்ன செக்ரோல் எண் என்று எழுதி மேலாளர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால் அதில் யாருக்கும் ஐயம் வராது.

சிக்கல் எப்போது? வீடு பாட்டியின் பெயரில் இருந்து, பாட்டி ஓய்வு பெற்றுவிட்டபோது! வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பது தோட்டத்து விதி. இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்கு வாழ்வளிக்க, 1968-ல் அரசுத் திட்டமாகத் தோன்றி 1976-ல் கழகமான டான்டீ தோட்டங்களிலேயே இந்தக் கேள்வி எரிகிறது. கொழுந்தெடுத்தே முதுகு வளைந்தவர்களுக்கு, அந்த லைன் வீட்டைத் தவிர வேறு முகவரி இல்லை. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு மேலாளரிடம் கடிதம் கேட்டால், ‘எழுதிக் கொடுத்தால் குடியிருப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே’ என்று அலுவலகம் தயங்குகிறது. குன்னூர் வீட்டுக்காரருக்கு வந்த அதே அச்சம், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வருகிறது!

இதற்கும் வழியிருக்கிறது. ‘வீட்டின் மீதான உரிமை குறித்து இக்கடிதம் எதையும் சொல்லவில்லை, குழந்தை இன்று வசிக்கும் இடத்தை மட்டும் பள்ளிச் சேர்க்கைக்காகத் தெரிவிக்கிறது’ என்று ஒரு வரி சேர்த்தால் நிர்வாகத்துக்கும் இழப்பில்லை, குழந்தைக்கும் இழப்பில்லை. வீட்டுத் தகராறு வீட்டுத் தகராறாக நடக்கட்டும். அது முடியும்வரை குழந்தையின் வயது காத்திருக்காது.

இவ்வளவு சொன்னபின், எல்லாவற்றிலும் பெரிய உண்மையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஓர் ஏழைத் தாயை வீணே அலையவிட்டதாகும். அரசுப் பள்ளியில் சேர்க்க இந்தக் கடிதம் வேண்டியதில்லை! 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் படிக்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பதை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்கிறது 9-ஆம் பிரிவு. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை என்று 2018 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று நீலகிரித் தோட்டங்களில் கொழுந்தெடுக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ளூர் முகவரி ஏது? ‘கடிதம் கொண்டு வா’ என்று அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பினால், அது சட்டத்தைத் திருப்பி அனுப்புவதாகும். அப்படி அனுப்பினால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் முறையிடலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் குறையிருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான கதை என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் அக்ரன் நகரில், ஒரு கறுப்பினத் தாய் தன் இரு பெண்களையும் நல்ல பள்ளியில் சேர்க்க, வேறு வட்டாரத்தில் இருந்த தன் தகப்பனாரின் முகவரியைக் கொடுத்தார். 2011-ல் அவருக்குச் சிறைத் தண்டனை! ஒன்பது நாள் கம்பிக்குள் இருந்தார். பிறகு ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். அதே அமெரிக்காவில்தான், வீடற்ற குழந்தையிடம் இருப்பிடச் சான்று இல்லாவிட்டாலும் உடனே பள்ளியில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. 1987-ல் பிறந்த சட்டம் அது. முகவரி என்ற ஒரு சொல், ஒரு கையில் விலங்காகவும் மறு கையில் சாவியாகவும் இருப்பதைப் பாருங்கள்.

அக்ரன் தாயின் கதை நமக்கும் ஓர் எச்சரிக்கை. ‘ஒரு கிலோமீட்டருக்குள் வரவேண்டும், கொஞ்சம் மாற்றி எழுதுங்கள்’ என்று எந்தத் தகப்பனும் கேட்கக் கூடாது. எந்த வீட்டுக்காரரும் எழுதித் தரக் கூடாது. குடியிராதவருக்குக் கடிதம் தருவது, குலுக்கலில் நிற்கும் இன்னொரு ஏழைக் குழந்தையின் சீட்டைக் களவாடுவது. குடியிருப்பவருக்குக் கடிதம் மறுப்பதும் அதே களவுதான்.

மீண்டும் அந்தப் படிக்கட்டுக்கு வருகிறோம். மேலே நிற்பவரே! உமது வீட்டை அவர் கேட்கவில்லை. உமது வரியை அவர் எண்ணவில்லை. மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் உமது கைக்கு வரும் பணம், கீழே ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டுதானே வருகிறது? வாங்கும்போது தெரிகிற குடும்பம், எழுதும்போது மட்டும் மறைந்துவிடுமா? அந்தத் தாளை வாங்கி, குழந்தையின் பெயரைக் கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுங்கள். தேதி போட மறந்துவிடாதீர்கள்!